பாத்திரத்தில் படிந்த சுண்ணாம்பும் அம்மாவின் டிகாஷனும்

போன வருஷம் எங்கள் கோபாலபுரம் வீட்டில் காபி செத்துப்போச்சு. இது என் வார்த்தை இல்லை, அம்மாவுடையது. ஒருநாள் காலையில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏண்டா, இதுல காபியே இல்லையே. செத்துப்போன காபி மாதிரி இருக்கு" என்றாள்.

முதலில் பழி விழுந்தது தூள் மேல். பீபெரியும் பிளாண்டேஷனும் கலந்து, சிக்கரி 20 சதவீதம் என்று வருஷக்கணக்கில் வாங்கிய தூள்தான். கடையை மாற்றினோம், சிக்கரியைக் குறைத்தோம், பிறகு கூட்டினோம். பால் பாக்கெட்டையும் மாற்றிப் பார்த்தோம். காபி அப்படியே சப்பென்று இருந்தது, கடைசியில் ஒரு கசப்பு மட்டும் நாக்கில் நின்றது. இன்னொரு மாற்றமும் இருந்தது. முன்பெல்லாம் இருபது நிமிஷத்தில் இறங்கிவிடும் டிகாஷன் இப்போது முக்கால் மணி ஆனாலும் மேல் பாத்திரத்தில் தேங்கி நின்றது. அம்மா பில்டரின் தலையில் இரண்டு தட்டு தட்டி, "இறங்க மாட்டேங்குது பாரு" என்பாள்.

அந்தச் சமயத்தில் வீட்டில் மாறியிருந்த இன்னொரு விஷயத்தை யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது நல்ல மாற்றம். எங்கள் அபார்ட்மென்டில் எல்லாரும் பணம் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு முன்னால் ஒரு சாஃப்ட்னர் வைத்திருந்தோம். அதுவரை போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு வேகாது, குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும். சாஃப்ட்னர் வந்த பிறகு பருப்பு வெந்தது, பக்கெட் பளபளத்தது. தண்ணி கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிகிற அந்த வெள்ளைச் சுண்ணாம்பும் நின்றுபோச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

பிரச்சினையே அங்கேதான் இருந்தது. அந்தச் சுண்ணாம்புதான் அதுவரை எங்கள் காபியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"ஹார்ட் வாட்டர்" என்பதில் இரண்டு விஷயம் இருக்கு

"உப்புத் தண்ணி", "ஹார்ட் வாட்டர்" என்று நாம் சொல்லும்போது இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் கட்டிச் சொல்கிறோம். காபி விஷயத்தில் இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் ஒன்றும் புரியாது.

முதலாவது கடினத்தன்மை. தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவு இது. சோப்பு நுரைக்காததற்கும் பருப்பு வேகாததற்கும் காரணம் இதுதான்.

இரண்டாவது காரத்தன்மை. இது பெரும்பாலும் பைகார்பனேட். நிலத்தடி நீர் பாறையையும் மண்ணையும் கரைத்துக்கொண்டு வரும்போது கால்சியத்தோடு பைகார்பனேட்டும் சேர்ந்தே வரும். அதனால்தான் இரண்டையும் நாம் ஒன்றாக நினைக்கிறோம். ஆனால் பைகார்பனேட்டின் வேலை வேறு. அது எந்த அமிலத்தைப் பார்த்தாலும் அதைச் செயலிழக்க வைத்துவிடும். வயிறு எரிந்தால் சமையல் சோடா கரைத்துக் குடிப்பார்களே, அதே வேலை.

காபியில் அமிலம் இருக்கு. சிட்ரிக், மாலிக், அசிட்டிக், குளோரோஜெனிக் என்று பலவகை. புளிப்பாக நமக்குத் தனியே தெரியாவிட்டாலும், பாலும் சர்க்கரையும் சேர்த்த பிறகும் "காபி எழுந்து நிற்கிற மாதிரி" ஒரு உயிர்ப்பு தெரிகிறதல்லவா, அதில் பெரும்பங்கு இந்த அமிலங்களுடையது. பைகார்பனேட் அதிகமான தண்ணி அவற்றை அணைத்துவிடும். மிஞ்சுவது வறுத்த கசப்பும் சிக்கரியின் கனமும். அம்மா சொன்ன "செத்துப்போன காபி" இதுதான்.

கடினத்தன்மை அந்த அளவுக்கு எதிரி இல்லை. 2014-ல் கிறிஸ்டோபர் ஹென்டன் என்ற வேதியியலாளரும் இங்கிலாந்தின் கொலோனா-டாஷ்வுட் தம்பதியும் சேர்ந்து வெளியிட்ட ஒரு கணக்கீட்டு ஆய்வு, காபியின் சுவைப் பொருள்களை மக்னீசியமும் கால்சியமும் பிடித்துக்கொள்கின்றன, சோடியத்துக்கு அந்தப் பிடிப்பு குறைவு என்று காட்டியது. ஆக, கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் இருப்பது நல்லது. பைகார்பனேட் மிகுவதுதான் கெடுதல்.

மீன் தொட்டிக் கிட் காட்டிய கணக்கு

வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் இருந்தது. அது இந்த விஷயத்தில் பயன்படவில்லை. சாஃப்ட்னருக்கு முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய ஒரே எண், தொள்ளாயிரத்துச் சொச்சம். மீட்டர் தண்ணியில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்லுமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது.

அதைச் சொல்வது மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டு மருந்துக் கிட். கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும். 5 மில்லி தண்ணி எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒரு பாட்டில் கடினத்தன்மைக்கு, இன்னொன்று காரத்தன்மைக்கு. நான் வாங்கிய கிட்டில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில்.

தோட்டத்துக் குழாய் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரிகிறது, அதனால் அங்கே பச்சைப் போர் தண்ணி கிடைத்தது. கடினத்தன்மை 24 சொட்டு, காரத்தன்மை 18 சொட்டு. அடுத்து சமையலறைக் குழாய், அதாவது சாஃப்ட்னர் தண்ணி. கடினத்தன்மை இரண்டாவது சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. காரத்தன்மை எண்ணினேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு. அதே 18. மில்லிகிராமில் 320-க்கு மேல்.

சாஃப்ட்னர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதனுள்ளே இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். வாட்ச்மேன் அண்ணன் அவ்வப்போது உப்பு மூட்டையைக் கொட்டுவது அந்தச் சோடியத்துக்காகத்தான். பைகார்பனேட்டை அது தொடுவதே இல்லை. காபிக்குத் தேவையானதை எடுத்துவிட்டு, வேண்டாததை அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

கொதித்தால் என்ன ஆகும்

சரி, முன்பும் அதே 18 சொட்டுத் தண்ணிதானே? அப்போது காபி எப்படி நன்றாக இருந்தது?

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் பெரிய பாத்திரத்தில் தண்ணியை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் தெளிக்கப் போய்விடுவாள். பத்து நிமிஷமாவது அது தளதளவென்று கொதிக்கும். வந்ததும் அடுப்பை அணைத்து, கொஞ்சம் தெளியவிட்டு, மேலாக மொண்டு, சின்னப் பாத்திரத்தில் மறுபடி ஒரு கொதி விட்டு பில்டரில் ஊற்றுவாள். பச்சைப் போர் தண்ணியில் அப்போது நடப்பது இது:

Ca(HCO₃)₂ → CaCO₃ + H₂O + CO₂

கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் உடைந்து, கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புப் பொடியாக, அடியில் படிகிறது. வாயு பறந்துபோகிறது. பாத்திரத்தைத் தேய்க்கும்போது நாம் திட்டுகிற அந்த வெள்ளைப் படிவம், தண்ணியை விட்டு வெளியேறிய பைகார்பனேட். தோட்டத்துக் குழாய்த் தண்ணியைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுத் தெளியவைத்து எண்ணிப் பார்த்தேன். 18 சொட்டு 9 ஆகியிருந்தது. பாதி போய்விட்டது, அதுவும் காபித் தூளைத் தொடுவதற்கு முன்னாலேயே.

சாஃப்ட்னர் தண்ணியையும் அதேபோல் கொதிக்க வைத்தேன். பாத்திரம் கண்ணாடி மாதிரி சுத்தம். காரத்தன்மை குறையவே இல்லை, ஆவியானதில் ஒரு சொட்டு கூடத்தான் ஆகியிருந்தது. காரணம் எளிது. சோடியம் பைகார்பனேட்டும் சூட்டில் கொஞ்சம் உடையும், ஆனால் அதிலிருந்து வரும் சோடியம் கார்பனேட் தண்ணியிலேயே கரைந்து நிற்கும், அடியில் படியாது. சலவைச் சோடா என்று கடையில் விற்பது அதுதான். நாங்கள் அம்மாவின் டிகாஷனை மெலிதான சோடாத் தண்ணியில் இறக்கிக்கொண்டிருந்தோம்.

டிகாஷன் இறங்காத கதைக்கும் இதிலேயே விடை இருக்கு. 1958-ல் கார்ட்னர் என்பவர் வெளியிட்ட ஓர் ஆய்வு, குடிநீரில் சாதாரணமாக இருக்கும் உப்புகள் வறுத்து அரைத்த காபித் தூள் வழியே நீர் வடியும் வேகத்தை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்தது. சோடியமும் பைகார்பனேட்டும் சேர்ந்த தண்ணி, அதாவது சாஃப்ட்னர் தண்ணி மாதிரியானது, வடிவதை நன்றாகத் தாமதப்படுத்தியது. நம்ம பில்டர் தூளோ ஏற்கெனவே நைசானது, அதில் ஈரத்தில் கொழகொழவென்று ஆகும் சிக்கரி வேறு. தண்ணி தேங்கித் தேங்கி இறங்கும்போது தூள் நெடுநேரம் ஊறி, கடைசியில் வரும் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். உயிர்ப்பு போய், கசப்பு மட்டும் கூடிய காபி கிடைப்பது இப்படித்தான்.

ஒரு விஷயம் நம் பக்கம். வெளிநாட்டுப் பாணியில் காபி இறக்கும்போது ஒரு கிராம் தூளுக்குப் பதினாறு, பதினேழு மில்லி தண்ணி ஊற்றுகிறார்கள். நாங்கள் 20 கிராம் தூளுக்கு 120 மில்லி ஊற்றுகிறோம், அதாவது கிராமுக்கு 6 மில்லி. ஒவ்வொரு கிராம் தூளும் சந்திக்கும் பைகார்பனேட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் சுமாரான தண்ணியிலும் நம் முதல் டிகாஷன் ஓரளவு தப்பித்துவிடுகிறது. இரண்டாம் டிகாஷனில் அந்தத் தப்பிப்பு கிடையாது. அமிலமெல்லாம் முதலிலேயே இறங்கிவிட்டிருக்கும், பைகார்பனேட்டோ புதுத் தண்ணியில் முழுசாக வரும். உங்கள் வீட்டுத் தண்ணி எப்படி என்று தெரிய வேண்டுமானால் இரண்டாம் டிகாஷனைத்தான் ருசி பார்க்க வேண்டும்.

சூடு எங்கே போகிறது

தண்ணிக்கு அடுத்தது சூடு. பொதுவாகச் சொல்லப்படும் அளவு 90-லிருந்து 96 டிகிரி. "கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தூள் கருகிவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. 200 டிகிரியைத் தாண்டி வறுபட்ட கொட்டையை 100 டிகிரித் தண்ணி கருக்க முடியாது. நம்ம பில்டரில் உண்மையான பிரச்சினை நேர்மாறானது.

எங்கள் பில்டரின் மேல் பாத்திரமும் குடை மாதிரி இருக்கிற தட்டும் சேர்ந்து சுமார் 150 கிராம் எவர்சில்வர். காலை ஆறு மணிக்கு அது 30 டிகிரியில் இருக்கும். அதில் 20 கிராம் தூள் போட்டு 98 டிகிரியில் 120 மில்லி தண்ணி ஊற்றினால், பாத்திரமும் தூளும் சூட்டை உறிஞ்சி எல்லாம் ஒரு நிலைக்கு வரும்போது தண்ணி 86 டிகிரி. அடுப்பில் கொதித்ததை ஊற்றினோம் என்று நாம் நினைக்கிறோம், தூளுக்குக் கிடைப்பது 86. மேல் பாத்திரத்தை முதலில் வெந்நீரில் அலசி, துடைத்து, பிறகு தூள் போட்டால் அதே தண்ணி 92-ல் நிற்கும். அரை நிமிஷ வேலைக்கு ஆறு டிகிரி லாபம்.

அந்த ஆறு டிகிரி ருசியை நேரடியாக மாற்றிவிடாது. 2020-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 87, 90, 93 டிகிரிகளில் காபி இறக்கி, திடமும் சாறு இறங்கிய அளவும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்து கொடுத்தபோது, பயிற்சி பெற்ற சுவைஞர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது சூட்டின் வேலை, தூளிலிருந்து எவ்வளவு, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது. அவர்கள் மற்றதை மாற்றி ஈடுகட்டினார்கள். நாம் வீட்டில் ஈடுகட்டுவதில்லை, அதே தூள், அதே தண்ணி. அதனால் சூடு குறைந்தால் நமக்குத் திடம் குறையும், அதைச் சமாளிக்க டிகாஷனைக் கூட விட்டு, பாலைக் குறைத்து, காபி ஆறிப்போகும்.

எனவே சூட்டைப் பொறுத்தவரை இரண்டு தனி வேலைகள். கடினமான பச்சைத் தண்ணியைப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுவது சுண்ணாம்பைப் பிரிக்க. மறுபடி ஒரு கொதி விட்டு உடனே சூடான பில்டரில் ஊற்றுவது சாறு இறக்க. எலெக்ட்ரிக் கெட்டில் இரண்டாவது வேலைக்குச் சரி, முதல் வேலைக்கு உதவாது. ஒரு கொதி வந்ததும் அணைந்துவிடும்.

அப்போ எந்தத் தண்ணி?

ஸ்பெஷாலிட்டி காபி சங்கத்தின் அளவுகோல், காரத்தன்மை 40 அருகிலும் கால்சியக் கடினத்தன்மை 68 அருகிலும் இருக்கச் சொல்கிறது. நம் இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, காரத்தன்மை 200 வரை சரி என்கிறது, வேறு தண்ணியே இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணி, காபிக்குத் தகுந்ததைப்போல ஐந்து மடங்கு காரமாக இருக்க முடியும். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணியோ கேன் தண்ணியோ போதுமா? எங்களுக்கு வரும் கேனில் காரத்தன்மை ஒரே சொட்டு, கடினத்தன்மை அதுகூட இல்லை. டிகாஷன் சீக்கிரம் இறங்கியது. ஆனால் புளிப்பு துருத்திக்கொண்டு, நடுவில் சதை இல்லாத மாதிரி இருந்தது. அமிலத்தைக் கொஞ்சம்கூடத் தட்டிவைக்க ஆளில்லை, பிடித்துக்கொள்ள கால்சியமும் இல்லை.

அடுத்தது மெட்ரோ வாட்டர், சம்ப்பில் விழும் இடத்திலேயே பிடித்தது. கடினத்தன்மை 8, காரத்தன்மை 6 சொட்டு. இது எல்லா மாதமும் இப்படியே இருக்காது. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளும் வீராணமும் நெம்மேலிக் கடல்நீர் ஆலையும் சேர்ந்துதான் நகரத்துக்குத் தண்ணி தருகின்றன, பங்கு மாறும்போது ருசியும் மாறும். ஏரிகள் வறண்ட 2019 கோடையில் பல வீடுகள் போரையும் லாரியையும் நம்பித்தான் இருந்தன.

கலப்பது வெறும் சராசரிக் கணக்கு. மெட்ரோ 6 சொட்டு, கேன் 1 சொட்டு, பாதிக்குப் பாதி கலந்தால் மூன்றரை, அதாவது 60-க்குச் சற்று மேல். கடினத்தன்மை 75 வாக்கில் நிற்கும். சங்கம் சொல்லும் 40-ஐ விடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அந்த அளவு பால் இல்லாத காபியை மனதில் வைத்துப் போடப்பட்டது. அதன் பக்கத்தில் இருந்தால் நமக்குப் போதும்.

அக்கம்பக்கத்தில் மூன்று பில்டர் கடன் வாங்கி, ஒரே தூளை 20 கிராம் வீதம் நிறுத்துப்போட்டு, நான்கு தண்ணியில் இறக்கினேன்: சாஃப்ட்னர், கொதித்துத் தெளிந்த போர், வெறும் கேன், மெட்ரோ-கேன் கலவை. டம்ளரின் அடியில் பேனாவால் குறி. சாஃப்ட்னர் டிகாஷன் மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதை அம்மா ஒரு வாயிலேயே தள்ளிவைத்தாள். கேன் காபியைப் பார்த்து "பால் திரியப் போற மாதிரி இருக்கே" என்றாள். கலவைக்கும் கொதித்த போருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் யோசித்தாள். கலவையை எடுத்துக்கொண்டாள், ஆனால் கொதித்த போர்தான் "நம்ம பழைய காபி" என்றாள். ஒரே ஒரு நாக்கு, ஒரே ஒரு காலை. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டில் செய்ய நினைத்தால் மூன்று விஷயம் கவனியுங்கள். சாஃப்ட்னர் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு குழாய் பிரித்து வையுங்கள், காபிக்கும் குடிக்கவும் அந்தத் தண்ணியைத் தனியே சுத்திகரித்துக்கொள்ளலாம். போர் தண்ணியை நேரடியாகப் பயன்படுத்துவதற்கு முன் ஒருமுறை லேபில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சுண்ணாம்பு படியும், ஆனால் நைட்ரேட்டும் குளோரைடும் அப்படியேதான் இருக்கும். தண்ணி வெறுமே குடிக்கும்போதே உப்புக் கரித்தால் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அது காபிக்கு ஆகாது.

அம்மா கும்பகோணத்துக்காரி. இத்தனையும் விளக்கிய பிறகு அவள் சொன்னது: "அதான் நான் அப்பவே சொன்னேனே, காவேரித் தண்ணி மாதிரி வராதுன்னு." கீழணையிலிருந்து வடவாற்றில் வீராணம் ஏரிக்கு வரும் தண்ணி 2004-லிருந்து குழாயில் சென்னைக்கு வருது, அதுவும் காவேரிதான் என்றேன். டம்ளரைத் திருப்பி அடியில் இருந்த குறியைப் பார்த்தாள். "இதுல பாதி கேன் தண்ணிதானேடா" என்று சொல்லிவிட்டு மீதியைக் குடித்தாள்.